பன்னிரண்டு மணிக் கட்டம்

ஏழாம் நம்பர் கட்டிலில் தொங்கிய தாளைப் பார்த்ததும் எனக்கு முதலில் உறுத்தியது அதிலிருந்த ஒழுங்குதான்.

எங்கள் காய்ச்சல் வார்டில் ஒவ்வொரு கட்டிலிலும் அப்படி ஒரு தாள் தொங்கும். இடப்பக்கம் நோயாளி குடித்தது எத்தனை மில்லி, வலப்பக்கம் சிறுநீர் போனது எத்தனை மில்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம். டெங்கு நோயாளிக்கு மருந்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். அதைத் தவிர வேறு வலி மாத்திரை கூடாது, ரத்தக் கசிவில் கொண்டுபோய் விட்டுவிடும். மற்றபடி உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கணக்காகப் பார்ப்பதுதான் வைத்தியம். ஆகவே அந்தத் தாள் சொல்வதை வைத்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.

ஏழாம் நம்பர் தாளில், நேற்று மாலையிலிருந்து இன்று காலை பத்து மணி வரை, இடப்பக்கம் எல்லாம் இருநூறு. வலப்பக்கம் எல்லாம் இருநூற்றைம்பது. ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். மனித உடம்பு இவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொண்டு நான் பார்த்ததில்லை.

கட்டிலில் இருந்தது ஒரு தையற்காரப் பெண். இருபத்தாறு வயது, ஐம்பது கிலோ. கணவர் வெளியூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. துணைக்கு இருந்தது அவள் அண்ணன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்து, மருந்து ஊற்றி, வாசலில் தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போடுகிற சுகாதாரப் பணியாளர் அவர். வந்த அன்றே வார்டில் "கொசு அண்ணன்" என்று பெயர் விழுந்துவிட்டது. அவரும் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

"சிஸ்டர், கொசுவைப் பிடிக்கிறவன் தங்கச்சியையே கொசு பிடிச்சிடுச்சு பாருங்க" என்று அவரே சொல்லிச் சிரித்தார். சிரித்த முகம், துருதுருவென்ற கை. அந்தக் கையைப் பார்த்துத்தான் நேற்று மதியம் அட்மிஷன் போட்டதும் தாளை அவரிடம் கொடுத்தேன். 'எழுத்து வேலை தெரிந்தவர், நமக்கு ஒரு கட்டில் வேலை மிச்சம்' என்று நினைத்தேன். மாலை ஷிப்ட் முடியும்போது அவர் எழுதியதற்குக் கீழே நானே கையெழுத்தும் போட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்று காலை பத்தரைக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். காய்ச்சல் விட்டு நாலைந்து மணி நேரம் ஆகியிருந்தது. தாளைப் பார்த்தார். "நல்லா குடிக்கிறாங்க, யூரின் நல்லா போகுது. வாய் வழியாவே குடுங்க. சாயங்காலம் ரத்தம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு எட்டாம் நம்பருக்குப் போனார்.

அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "அஞ்சு நாளாச்சு சிஸ்டர், இன்னைக்குத்தான் உடம்பு ஜில்லுனு இருக்கு. நாளைக்குக் காலையில வீட்டுக்கு அனுப்பிடுவீங்கல்ல?"

"ஜில்லுனா எந்த அளவுக்கு ஜில்லு?" என்று கேட்டேன்.

"அட, காய்ச்சல் விட்டுடுச்சு சிஸ்டர். அதுக்கும் சந்தேகமா?"

சந்தேகம்தான். மற்றக் காய்ச்சல்களில் சூடு இறங்கினால் நிம்மதி. டெங்குவில் சூடு இறங்கும்போதுதான் நாங்கள் அடிக்கடி கையைத் தொட்டுப் பார்ப்போம். அப்போது தொடங்கும் ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நேரம். நான் கொசுவலையை விலக்கி அவள் கையைத் தொட்டேன். உள்ளங்கை குளிர்ந்திருந்தது. நகத்தை அழுத்தி விட்டேன். வெளுத்த நிறம் மறுபடி சிவக்கக் கொஞ்சம் யோசித்தது.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்ல சிஸ்டர்."

"வாந்தி?"

"பரவாயில்ல."

"வாந்தி வந்துச்சா இல்லையான்னு கேட்டா பரவாயில்லன்னு ஒரு பதிலா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். "ஒரு தடவை. காலையில. வயிறு லேசா வலிக்குது. கேஸா இருக்கும்."

"அவ சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான். எதுன்னாலும் கேஸும்பா" என்றார் அண்ணன்.

வலது விலாவுக்குக் கீழே லேசாக அழுத்தினேன். முகத்தைச் சுளித்தாள். பி.பி. பார்த்தேன். நேற்று நூற்றுப் பத்துக்கு எழுபது. இப்போது நூற்று நாலுக்கு எண்பது. மேல் எண்ணை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். நாற்பது இருந்தது இருபத்துநாலாகச் சுருங்கியிருந்தது. அது இருபதுக்கு வந்துவிட்டால் அதற்குப் பெயர் அதிர்ச்சி நிலை. நோயாளி கண் திறந்து பேசிக்கொண்டுதான் இருப்பாள்.

உடம்பு ஒன்று சொல்கிறது, தாள் வேறு சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய்.

மறுபடி தாளை எடுத்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்று பத்து.

தாளில் பன்னிரண்டு மணிக் கட்டம் நிரம்பியிருந்தது. உள்ளே இருநூறு, வெளியே இருநூற்றைம்பது.

நான் குரலை உயர்த்தவில்லை. மேசைமேல் இருந்த உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகளை எண்ணினேன். நேற்று மூன்று கொடுத்தேன், ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர். இரண்டு பிரிக்காமலே இருந்தன. ஜாடியில் முக்கால்வாசி அப்படியே நின்றது. கட்டிலுக்கு அடியில் அளவுக் குவளை, நேற்று நான் வைத்த இடத்தில், நான் வைத்த மாதிரியே, உலர்ந்து கிடந்தது.

"அண்ணே, பன்னிரண்டு மணிக்கு உங்க தங்கச்சிக்கு இருநூற்றைம்பது போகும்னு உங்களுக்கு இப்பவே எப்படித் தெரியும்?"

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "அது... ஒரு பக்கமா முடிச்சு வெச்சிடலாம்னு. எப்படியும் போகத்தானே போகுது."

"போச்சா?"

"நான் எப்படி சிஸ்டர் அதெல்லாம்..." என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது சிவந்துவிட்டது. "கட்டம் காலியா இருந்தா எங்க மேலதிகாரி சும்மா விடமாட்டாரு. அட்டையில ஒரு வாரம் விட்டுப்போனாலும் கேள்வி. அதனால கை தானா போட்டுடும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. ஆனால் ஆத்திரப்பட நேரமில்லை. இன்னும் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். அவர் அங்கே நிற்கிறவரை அது வராது.

"போய் நர்ஸிங் அறையில தெர்மாமீட்டர் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பினேன். என் கோட்டுப் பையிலேயே ஒன்று இருந்தது.

அவர் கதவைத் தாண்டியதும் குனிந்து கேட்டேன். "கடைசியா எப்பம்மா ஒன்னுக்குப் போன?"

அவள் கொசுவலையின் ஓரத்தை விரலில் சுருட்டினாள். "நேத்து... விளக்கு போடற நேரம்."

பதினாறு மணி நேரம்.

"ஏன் சொல்லல?"

"எழுந்தா தலை சுத்துது. அந்தக் கோடியில பாத்ரூம் வரைக்கும் யாராவது பிடிச்சுட்டுப் போகணும். அண்ணன்கிட்ட எப்படி சிஸ்டர் சொல்றது? அதுவும் குவளையில பிடிச்சு, அளந்து..." நிறுத்திக்கொண்டாள். "குடிச்சாத்தானே வரும்னு குடிக்கல. அவன் கொடுக்கும்போது வாயில வெச்சுட்டு அப்படியே கீழ வெச்சுடுவேன். அவனும் கேட்டுக்கல. அவனுக்கும் கூச்சம்."

இவ்வளவுதான் விஷயம். நான் என்னென்னவோ சந்தேகப்பட்டிருந்தேன். அண்ணன் ஏதோ மறைக்கிறார், கொடுக்காமல் விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறார் என்றெல்லாம். அவர் இரவெல்லாம் அதே ஸ்டூலில் உட்கார்ந்துதான் இருந்திருக்கிறார். ஒருத்தரை ஒருத்தர் கேட்க முடியாத ஒரு கேள்வியை அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தது நான்.

மறுபடி பி.பி. கட்டினேன். தொண்ணூற்றெட்டுக்கு எண்பது. இடைவெளி பதினெட்டு. நாடி நூற்றிருபதுக்கு மேல், நூல் மாதிரி.

டாக்டரைக் கூப்பிட்டேன்.

"இப்பத்தானே பார்த்தேன், நல்லா இருந்தாங்களே" என்றார். நான் பெரிதுபடுத்துகிறேனோ என்ற சந்தேகம் அவர் குரலில் இருந்தது.

"நீங்க பார்த்தது அந்தத் தாளை சார். அது பொய். உறவுக்காரர் கையில கொடுத்து, சரிபார்க்காம கையெழுத்துப் போட்டது நான். பி.பி. இடைவெளி பதினெட்டு, கை ஜில்லுனு இருக்கு, பதினாறு மணி நேரமா யூரின் இல்ல, கல்லீரல் பக்கம் வலி."

அவர் நேரே ஏழாம் நம்பர் கட்டிலுக்கு வந்தார். ரத்தம் எடுத்து அவசரம் என்று எழுதி அனுப்பினோம். ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டுகிற அளவு, சேர்ந்தபோது முப்பத்தேழு. இப்போது நாற்பத்தாறு. தட்டணுக்கள் முப்பத்தெட்டாயிரம்.

நேற்றே கையில் ஊசி பொருத்தி வைத்திருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. ஐநூறு மில்லி சலைன், ஒரு மணி நேரத்தில். கிலோவுக்குப் பத்து மில்லி கணக்கு.

நர்ஸிங் அறையில் காத்திருந்து வாங்கிய தெர்மாமீட்டரோடு அண்ணன் வந்து நின்றார். கட்டிலைச் சுற்றி நடப்பதைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்ன பண்றீங்க? காய்ச்சல் இல்லாதவளுக்கு எதுக்கு டிரிப்? ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி டாக்டரே நல்லா இருக்கான்னாரு. நான் அந்தப் பக்கம் போனதும் என்னவோ பண்ணிட்டீங்க. தப்பு ஊசி ஏதும் போட்டுட்டு மறைக்கிறீங்களா?"

"தள்ளி நில்லுங்க அண்ணே."

"தட்டணு குறைஞ்சிருக்குன்னு சொன்னாங்களே, அதை ஏத்தாம உப்புத்தண்ணிய ஏத்தறீங்க! எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு நினைச்சீங்களா? நானும் இதே துறைதான்!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சந்தேகம் தும்மல் மாதிரி, ஒருத்தர் ஆரம்பித்தால் வார்டு முழுக்க மூக்கை உறிஞ்சும். 'நம்ம டிரிப்பையும் பாருங்க சிஸ்டர்' என்று மூன்றாம் நம்பரிலிருந்து ஒரு குரல்.

நான் பாட்டிலைச் சரிசெய்துகொண்டே சொன்னேன். "இதே துறைதானே? அப்ப உங்க பாஷையிலேயே சொல்றேன். தெருக்குழாயில தண்ணி விடறாங்க. கடைசி வீட்டுக்கு வரல. என்ன அர்த்தம்?"

"நடுவுல கசியுது."

"இவளுக்கும் அதான். ரத்தக்குழாய்ல சின்னச் சின்னதா கசிவு. தண்ணிச்சத்து வெளிய இறங்கிடுது, குழாய்க்குள்ள கெட்டியா மிச்சம் நிக்குது. அதனால கைகாலுக்கு ஓட்டம் இல்ல, கிட்னிக்கு இல்ல. இப்ப ரத்தம் எங்கயும் ஒழுகல. ஒழுகினா அதைப் பார்ப்போம். இந்த நிமிஷம் இவளுக்குப் பத்தாதது தண்ணி. அதுவும் கசிவு நிற்கிற வரைக்கும் ஓட்டம் குறையாம அளந்துதான் விடணும். நேத்திலேர்ந்து எவ்வளவு குடிச்சா, எவ்வளவு போச்சுன்னு அந்தத் தாள்ல சரியா இருந்திருந்தா, நாங்க காலையிலேயே ஆரம்பிச்சிருப்போம்."

தங்கை தலையணையில் முகத்தைத் திருப்பி, "நான் போகவே இல்லண்ணா. உன்கிட்ட சொல்லல" என்றாள். இந்த ஒன்றைச் சொல்ல அவளுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

அவர் ஸ்டூலை எடுத்துக்கொண்டுபோய்ச் சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு எதிரே, என்மேலிருந்து கண் எடுக்காமல்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடியும் பி.பி.யும் பார்த்தேன். இருபது. இருபத்திரண்டு. இருபத்தாறு. ஒரு மணி நேரம் முடிந்தபோது நூற்று நாலுக்கு எழுபத்துநாலு. கை சற்றுச் சூடாகியிருந்தது. மறுபடி எடுத்த ரத்தத்தில் அந்தக் கெட்டி அளவு நாற்பத்தொன்று. டாக்டர் டிரிப் வேகத்தை மணிக்கு முந்நூற்றைம்பது மில்லியாகக் குறைத்தார்.

உடனே சுவரோரத்திலிருந்து குரல். "ஏன் குறைக்கிறீங்க?"

"ஓட்டம் வந்துடுச்சு, அதான். பார்த்துட்டே இருங்க, இன்னும் குறைப்போம்."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

இரண்டரை மணிக்கு அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "சிஸ்டர்..." அண்ணனை வெளியே அனுப்பி, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தேன். படுக்கையிலேயே சிறுநீர் பிடிக்கும் பெட்பேன் வைத்துப் பிடித்து, குவளையில் ஊற்றி, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். அறுபது மில்லி. கடுங்காப்பி நிறம்.

புதுத் தாளில் எழுதினேன்: 2.30, அறுபது.

அண்ணன் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். "அறுபதுதானா? நான் இருநூற்றைம்பதுன்னு போட்டிருந்தேனே."

"நீங்க போட்டது அழகா இருந்துச்சு. இது நிஜமா வந்தது."

அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேல்சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "இங்க இருக்கிற வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

மறுநாள் மதியம் அவள் உடம்பில் சிவப்புத் தடிப்பும் அதன் நடுவே வெள்ளை வெள்ளையாகத் தீவுகளும் வந்தன. அரித்தது. பசித்தது. குவளை நிறையத் தொடங்கியது. டிரிப்பை நிறுத்தினோம். அண்ணன் உடனே எழுந்து வந்தார். நேற்று ஏன் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டவர் இன்று ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டார்.

"வெளிய போன தண்ணி இப்ப தானா உள்ள திரும்பி வருது. இன்னும் ஊத்தினா நெஞ்சில போய் நிக்கும், மூச்சுத் திணறும். டெங்குல ஊத்தத் தெரிஞ்சா மட்டும் போதாது."

நம்பினாரோ என்னவோ, அரை மணிக்கு ஒரு தடவை தங்கை மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டிருந்தார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்று மாலை சீப்பு எடுத்துத் தலை வாரிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். "உங்க தையல் கடையில வேற யாருக்காவது காய்ச்சலா?"

"ரெண்டு பொண்ணுங்க வரல. அக்காவுக்கும் நேத்திலேர்ந்து உடம்பு வலியாம்."

அக்கா என்பது கடைக்காரப் பெண்மணி. "கடையில தண்ணி எங்க வெச்சிருக்கீங்க?"

"பின்னால ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கு. லைனிங் துணி தைச்சப்புறம் சுருங்காம இருக்க முன்னாடியே நனைச்சுப் போடுவோம். தினமும் தண்ணி எடுப்போம், தினமும் ஊத்துவோம். சுத்தமான தண்ணிதான்."

"யாரு வந்து பார்ப்பாங்க?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"என் தெரு" என்றார்.

"பின்னால போய்ப் பார்த்தீங்களா?"

"பின்னால பொண்ணுங்க அளவு பார்க்கிற இடம் சிஸ்டர். திரை போட்டிருப்பாங்க. நான் வாசல்லேர்ந்து, 'அக்கா, தொட்டி மூடியிருக்கா'ன்னு கேட்பேன். 'மூடியிருக்கு தம்பி'ம்பாங்க. அட்டையில கையெழுத்து."

"எத்தனை வாரமா?"

நான் கேட்டது அவருக்குப் புரிந்தது. எண்ண வேண்டியிருந்தது.

நாலு நாள் கழித்து, என் ஓய்வு நாளில், அந்தத் தெருவுக்குப் போனேன். காய்ச்சல் வந்த தெருக்களில் போய்ப் பேசுவது எங்கள் வேலையில் ஒரு பகுதி. ஓய்வு நாளில் போக வேண்டும் என்று இல்லை. அவர் சொல்லியிருந்தார், அந்தத் தெருப் பெண்களையெல்லாம் கடைக்குக் கூட்டி வைக்கிறேன் என்று. சொன்னதைச் செய்கிறாரா பார்க்கலாம் என்றுதான் போனேன்.

பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். வாசலில் அட்டை தொங்கியது. பதினோரு வாரமாக, ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு: புழு இல்லை, புழு இல்லை, புழு இல்லை. பன்னிரண்டாவது வரியில் எழுத்து கோணலாக இருந்தது. "புழு உண்டு. பின்கட்டுத் தொட்டி. நானே பார்த்தேன்."

திரை விலக்கப்பட்டிருந்தது. அவர் தொட்டித் தண்ணீரை மண்ணில் கொட்டியிருந்தார். ஒரு கண்ணாடிக் குவளையில் மட்டும் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தார். அதில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்தன.

"சாக்கடையில கொட்டாதீங்க, மண்ணுல கொட்டுங்க. காஞ்சா செத்துடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "தினமும் தண்ணி மாத்தறோமே, எப்படி வரும்னு அக்கா கேக்கறாங்க. மாத்தறீங்க. அடிவரைக்கும் காலி பண்றதில்ல. முட்டை தண்ணியில இல்ல, சுவத்துல ஒட்டிட்டு இருக்கும், தண்ணிக்கோட்டுக்குக் கொஞ்சம் மேல. மாசக்கணக்கா காஞ்சு கிடந்தாலும் தண்ணி பட்டா பொரியும். அதனால வாரம் ஒரு தடவை முழுக்க இறைச்சு, பிரஷ் போட்டுத் தேய்க்கணும். ஒரு வாரம், பத்து நாள்ல அது பறக்க ஆரம்பிச்சிடும், அதுக்குள்ள முந்திக்கணும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால தட்டு இருக்கும், அதையும் எடுங்க. இந்தக் கொசு பகல்லதான் கடிக்கும்."

"இவ்வளவு தெரிஞ்ச ஆளு, இத்தனை நாளா வாசல்லேயே நின்னுட்டுப் போனியே தம்பி" என்றாள் கடைக்கார அக்கா. இன்னும் உடம்பு தேறாமல் ஸ்டூலில் சாய்ந்திருந்தாள்.

பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஆமாக்கா" என்றார். "கேக்கக் கூச்சப்பட்டேன். இனிமே உள்ள வருவேன். திரையை நீங்க முன்கூட்டியே விலக்கி வெச்சிடுங்க. வேணும்னா தங்கச்சியைக் கூட்டிட்டு வரேன், அவ பார்க்கட்டும்."

நானும் என் பங்குக்குப் பேசினேன். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் விட்டதும் வயிறு வலித்தால், வாந்தி நிற்காமல் வந்தால், ஈறில் மூக்கில் ரத்தம் கசிந்தால், ஆள் சோர்ந்து விழுந்தால், கை கால் குளிர்ந்தால், ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை என்றால் காத்திருக்காதீர்கள் என்று. கடைசியாகச் சொன்னதைத்தான் இரண்டு தடவை சொன்னேன். "அதை யார் கேட்கணும்னு வீட்டுல இப்பவே பேசி வெச்சுக்கோங்க. கேக்க முடியாதவங்க கையில கொடுக்காதீங்க" என்றும் சொன்னேன். நான் தாளை அப்படிக் கொடுத்ததையும் சொன்னேன்.

எல்லாரும் கலைந்ததும் அவர் பிரஷை உதறிவிட்டு, "தேய்ச்சாச்சு சிஸ்டர், போகலாம்" என்றார்.

நான் பையிலிருந்து டார்ச்சை எடுத்து, தொட்டிக்குள் குனிந்து, தண்ணீர்க் கோட்டின் மேலே விரலை வைத்துச் சுற்றிலும் இழுத்துக்கொண்டே போனேன்.

"இன்னும் நம்பலையா?"

"இல்ல" என்றேன்.

அவர் குனிந்து, வெளிச்சம் படாத மூலையைக் காட்டினார். "அங்கயும் ஒரு தடவை பாருங்க. எனக்கும் அதுல சந்தேகம்தான்."